குடம் வாசலில் வந்து நிற்கிறது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை: இடைவெளியையும் ரியாக்‌ஷன் ஷாட்டையும் எங்கே வைப்பது?

முற்றம் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மூன்று நிமிட நகைச்சுவைக் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறோம். படத்தொகுப்பு என் பொறுப்பு. வாடகைக்கு வீடு பார்க்க வரும் ஓர் இளைஞனிடம் வீட்டுக்காரப் பெரியவர் வரிசையாக நிபந்தனைகளைச் சொல்கிறார். இரவு ஒன்பதுக்கு மேல் கதவு திறக்காது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மாதம் இரண்டு விருந்தாளிகளுக்கு மேல் வரக் கூடாது என்று அவர் அடுக்க, இளைஞன் எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா" என்கிறான். கடைசியில் பெரியவர் பெருமையோடு, "தண்ணிக் கஷ்டம்னா என்னன்னே இந்த வீட்டுக்குத் தெரியாது" என்கிறார். அந்த நேரத்தில் அவருடைய மனைவி தெருக்குழாயிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குடங்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். ஓர் அமைதி. பிறகு பெரியவர், "அது... செடிக்கு" என்கிறார். முற்றம் முழுவதும் சிமென்ட் தளம். ஒரு துளசிகூட இல்லை.

படப்பிடிப்பின்போது ஒளிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் தொகுத்த பிறகு பார்த்தவர்கள் புன்னகைகூடச் செய்யவில்லை. நான் வெட்டியிருக்கும் முறை இது. படம் வினாடிக்கு 25 ஃபிரேம். பெரியவர் "தெரியாது" என்று முடித்த நான்காவது ஃபிரேமில் குடங்களின் குளோசப்புக்கு வெட்டி, அதை 20 ஃபிரேம் வைத்திருக்கிறேன். பிறகு இளைஞன் கண்களை அகல விரிக்கும் குளோசப் 15 ஃபிரேம். அதன் மேல் "டொய்ங்" என்று ஓர் ஒலி. பிறகு பெரியவரின் முகம். மூன்றாவது ஃபிரேமிலேயே "அது செடிக்கு" தொடங்கிவிடும். அந்த வசனம் முடிந்து ஆறு ஃபிரேமில் இளைஞன் முன்பணம் பற்றிக் கேட்கும் அடுத்த வசனம் வருகிறது. எது தவறு என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

விரைவுநடை

நான் தினமும் குறுங்காணொளிகள் தொகுப்பவன். உங்கள் பிரச்சினை வேகம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். கைபேசியில் பார்ப்பவர் ஒரு வினாடி சலித்தாலும் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். நிபந்தனைப் பட்டியலில் ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே மூச்சு விடும் இடம் இருக்கும். அவற்றையெல்லாம் வெட்டி எறியுங்கள். குடக் காட்சியையும் இன்னும் இறுக்குங்கள். "தெரியாது" முடிந்ததிலிருந்து "அது" தொடங்கும் வரை மொத்தம் 42 ஃபிரேம், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் வினாடி. அதை ஒரு வினாடிக்குள் கொண்டுவந்தால் அடி சுரீரென்று விழும்.

நாடகப்பித்தன்

நான் முப்பது ஆண்டுகளாக அமெச்சூர் மேடை நாடகங்களில் நடிக்கிறேன். இது நடிகரின் குறை. பெரியவராக நடித்தவர் "அது" என்பதற்கும் "செடிக்கு" என்பதற்கும் நடுவே மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுப் பேசியிருக்க வேண்டும். நாலு முறை ஒத்திகை பார்த்து, அவையில் யாராவது இருமி முடிக்கும் வரை காத்திருக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் இடைவெளி கொடுத்தால் உங்களுக்கு வேலையே இருக்காது.

முற்றம்

நாடகப்பித்தன் ஐயா, படப்பிடிப்பு முடிந்து வீட்டையும் திரும்பக் கொடுத்துவிட்டோம், மீண்டும் எடுக்க வழியில்லை. உண்மையில் நடிகர் இடைவெளி கொடுத்துத்தான் பேசினார். நீளமாக இருக்கிறதே என்று அஞ்சி நான்தான் அதை வெட்டினேன். என்னிடம் இருக்கும் காட்சிகள் இவை: மூவரும் தெரியும் வைட் ஷாட் இரண்டு டேக், பெரியவரின் மிட் குளோசப் மூன்று டேக், இளைஞனின் குளோசப் மூன்று டேக், பெரியவரின் மனைவியாக வரும் அம்மாவின் குளோசப் ஒரு டேக், குடங்கள் தனியாக ஒரு ஷாட்.

வெட்டுமேசை

நான் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளை நெடுங்காலம் தொகுத்தவன். நீங்கள் எண்களோடு எழுதியதால் பதில் சொல்ல வசதியாக இருக்கிறது.

முதலில், 42 ஃபிரேம் என்பது குறைவும் இல்லை, அதிகமும் இல்லை. அதே 42 ஃபிரேம் ஒரே ஷாட்டில் ஓடினால் நீண்ட மௌனமாகத் தெரியும். நீங்கள் அதை மூன்று இடங்களில் வெட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு புதிய ஷாட்டிலும் கண் எங்கே பார்ப்பது என்று தேடுவதற்கே சில ஃபிரேம்கள் போய்விடும். அதனால் குடத்தைப் பார்த்த நேரமும் இளைஞனைப் பார்த்த நேரமும் தேடுவதிலேயே கழிகின்றன. யோசிக்க எவருக்கும் நேரமில்லை. மௌனம் இருந்தும் அது மௌனமாக உணரப்படாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, குடத்தின் குளோசப். அந்த ஷாட் பார்வையாளரிடம் "இதோ, இதைப் பாருங்கள்" என்று சொல்கிறது. ஆனால் இந்த நகைச்சுவை பார்வையாளர் தானாகக் கண்டுபிடிக்கும்போதுதான் பிறக்கும். வைட் ஷாட்டில் பெரியவர் பெருமை பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் அம்மா வாசலில் நுழையட்டும். அவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிட்டது என்ற அந்த ஒரு வினாடிதான் உங்கள் முதலீடு.

மூன்றாவதுதான் முக்கியமான பிழை. இளைஞனின் ரியாக்‌ஷனை வசனத்துக்கு முன்பே செலவழித்துவிட்டீர்கள். சிரிப்பு வர வேண்டிய இடம் "செடிக்கு" என்ற சொல்லுக்குப் பின்னால். அந்தப் பொய்யைக் கேட்ட முகம்தான் நமக்கு வேண்டும். நீங்களோ அந்த முகத்தை ஏற்கெனவே காட்டிவிட்டு, பொய்க்குப் பிறகு காட்ட எதுவும் இல்லாமல் முன்பணப் பேச்சுக்குத் தாவிவிட்டீர்கள். பொய்க்கு முன்னால் இருக்கும் மௌனம் பெரியவருக்குச் சொந்தமானது, ஏனென்றால் அங்கே யோசிக்க வேண்டியவர் அவர்தான். பொய்க்குப் பின்னால் வரும் மௌனம் இளைஞனுடையது. இரண்டையும் நீங்கள் இடம் மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

வைட் ஷாட்டில் இளைஞன் குடத்தைப் பார்த்துத் தலை திரும்புவது தெரிகிறதா? தெரிந்தால் முதல் பார்வைக்கு அதுவே போதும்.

முற்றம்

தெரிகிறது, ஐயா. இரண்டாவது டேக்கில் அம்மா குடத்தைக் கீழே வைத்த பிறகுதான் அவன் கண் அங்கே போகிறது, பிறகு பெரியவரிடம் திரும்புகிறது. பெரியவர் கடைசி ஆளாகத் திரும்பிப் பார்க்கிறார். அதை நான் வெறும் மாஸ்டர் ஷாட் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

விரைவுநடை

வெட்டுமேசை அண்ணா சொல்வது பெரிய திரைக்குச் சரி. கைபேசியில் நேர்குத்தாகப் பார்ப்பவருக்கு இந்த வைட் ஷாட்டை எப்படிக் காட்டுவீர்கள்? 3840க்கு 2160 அளவில் எடுத்த படத்திலிருந்து 9க்கு 16 என்ற அளவில் வெட்டினால் அகலத்தில் 1215 புள்ளிகள்தான் கிடைக்கும். அது மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் பெரியவர், இளைஞன், வாசல் மூன்றும் அடங்கவே அடங்காது. அப்போது குடத்துக்குத் தனியாக வெட்டித்தானே ஆக வேண்டும்?

வெட்டுமேசை

நியாயமான கேள்வி. நேர்குத்துப் பதிப்புக்கு இதே தொகுப்பு பொருந்தாது. அதை வேறு தொகுப்பாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து. அப்போதும் குடத்தின் குளோசப்பைத் தவிர்த்து, பெரியவரும் அவர் பின்னால் வாசலும் மட்டும் இருக்கும் பகுதியை வெட்டி எடுத்துப் பார்ப்பேன். இளைஞனின் முதல் பார்வையை அங்கே இழந்துவிடுவோம். அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை வெட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நீங்கள் முதலில் சொன்னதில் பாதி மிகவும் சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிபந்தனைப் பட்டியலை இறுக்கத்தான் வேண்டும். "சரிங்க ஐயா" என்பது பெரியவரின் கடைசி அசையின் மேலேயே விழுமாறு ஒலியை முன்னால் இழுக்கலாம். அந்தப் பகுதி மூச்சு விடாமல் ஓடினால்தான் குடம் வரும்போது எல்லாம் நின்றுவிட்டது என்பது உறைக்கும். ஆனால் அதே கத்தியை மௌனத்தின் மேலும் வைக்கச் சொன்னீர்களே, அங்கேதான் உடன்பட மாட்டேன்.

ஒலிக்கீற்று

ஒலியைப் பற்றி இதுவரை எவரும் கேட்கவில்லை என்பதால் கேட்கிறேன். அந்த இடைவெளியில் என்ன ஒலி ஓடுகிறது?

முற்றம்

"டொய்ங்" ஒலிக்கு அடியில் ஒன்றும் இல்லை. படமெடுத்த கூடத்தில் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. வசனம் இல்லாத இடங்களில் அந்த இரைச்சல் வேண்டாம் என்று ஒலித்தடத்தை வெட்டி எடுத்துவிட்டேன். நிபந்தனைப் பட்டியல் முழுவதும் ஒரு பின்னணி இசை ஓடும். அம்மா வாசலில் தெரிகிற ஃபிரேமில் அதைச் சட்டென்று நிறுத்தியிருக்கிறேன்.

ஒலிக்கீற்று

நீங்கள் அந்த இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரைந்துகொண்டிருந்த அறை திடீரென்று சுத்தமாக ஊமையானால், கேட்பவருக்குக் காட்சியில் அமைதி என்று தோன்றாது. காணொளியில் ஒலி அறுந்துவிட்டது என்று தோன்றும். சிலர் கைபேசியின் ஒலிப் பொத்தானைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சங்கடம் தாங்காமல் நீங்களும் கை நடுங்கி வெட்டிவிடுவீர்கள்.

எடுத்த டேக்குகளில் எவரும் பேசாமல் மின்விசிறி மட்டும் ஓடும் இடத்தைத் தேடுங்கள். ஆக்‌ஷன் சொன்ன பிறகு முதல் வசனம் வரும் முன்பு பெரும்பாலும் ஐந்தாறு வினாடிகளாவது கிடைக்கும். அதை இடைவெளி முழுவதும் அடியில் விரித்து, இரு முனைகளிலும் கொஞ்சம் கிராஸ் ஃபேட் கொடுங்கள். அரை வினாடித் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒட்ட வேண்டாம். மின்விசிறியின் சுற்று ஒரு தாளம்போல் கேட்கத் தொடங்கிவிடும். ஹெட்போன் போட்டுக் கேட்டால் உடனே தெரியும்.

இசையைப் பொறுத்தவரை, அம்மா தெரியும் அதே ஃபிரேமில் நிறுத்துவது "டொய்ங்" போடுவதற்குச் சமம். நகைச்சுவை வரப்போகிறது என்று தண்டோரா போட்டுவிடுகிறது. ஒரு வசனம் முன்பே, எவரும் கவனிக்காத இடத்தில் மெல்ல இறக்கிவிடுங்கள். அதன் பிறகு அந்தக் கூடத்தில் மின்விசிறியும் பெரியவரின் குரலும் மட்டும் இருக்கட்டும். குடம் தரையில் வைக்கப்படும் ஒலி உங்களிடம் இருக்கிறதா?

முற்றம்

வைட் ஷாட்டில் இருக்கிறது. "தொப்" என்று விழுந்து, உள்ளே தண்ணீர் ஒருமுறை தளும்பும் ஒலியும் கேட்கிறது.

ஒலிக்கீற்று

அப்படியானால் அதைவிடச் சிறந்த விளைவு ஒலி எந்த ஒலித் தொகுப்பிலும் கிடைக்காது. அதை இரண்டு டெசிபல் ஏற்றினால் போதும். வாசலில் சிறிதாகத் தெரியும் அம்மாவை நோக்கிப் பார்வையாளரின் கண்ணை அந்த ஒலியே இழுத்துவிடும். கைபேசித் திரையில் அம்மா சிறிதாகத் தெரிவாரே என்ற கவலைக்கும் ஓரளவு அதுவே மருந்து.

மணமேடை

நான் தஞ்சாவூர்ப் பக்கம் திருமணக் காணொளிகள் தொகுப்பவன். நகைச்சுவை என் துறை இல்லை என்றாலும், ரியாக்‌ஷன் ஷாட் எனக்கு அன்றாடச் சோறு. தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் தாயார் கண் கலங்குவது பெரும்பாலும் கேமராவில் சிக்காது, அவர் முன்னால் நாலு பேர் நிற்பார்கள். அதனால் வேறு நேரத்தில் கலங்கிய முகத்தை எடுத்து அங்கே வைப்போம். ஒருமுறை அப்படி வைத்த முகம் மிக அழகாகப் பொருந்தியது. குடும்பத்தார் பார்த்தபோது மணமகளின் அத்தை ஒருவர் மட்டும், "தாலி கட்டும்போது இவளுக்குத் தலையில் பூ புதுசாத்தானே இருந்தது?" என்று கேட்டார். நான் எடுத்து வைத்தது மாலை நேரத்து முகம். மல்லிகை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முகத்தைக் கடன் வாங்கும்போது முதலில் தலையையும் கையையும்தான் பார்க்கிறேன்.

நான் கேட்க வந்தது, இளைஞனின் அந்த முகத்தை வேறு இடத்திலிருந்து எடுக்க முடியுமா என்பது. கண்ணை அகல விரிக்கிறான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

வெட்டுமேசை

மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். மூன்று டேக்குகளில் எந்த டேக்கில் அவன் மிகக் குறைவாகச் செய்கிறான் என்று பாருங்கள். அது போதவில்லை என்றால் கிளிப்புகளின் தலையையும் வாலையும் பாருங்கள். ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்பும், கட் சொன்ன பிறகும் கேமரா சில வினாடிகள் ஓடியிருக்கும். அங்கே நடிகர் நடிக்காமல் யாரையோ பார்த்துக்கொண்டிருப்பார். என் அனுபவத்தில் மிகச் சிறந்த ரியாக்‌ஷன்கள் பல அப்படிக் கிடைத்தவை. ஒன்றும் செய்யாத முகத்தில் பார்வையாளர் தாமாகவே ஒன்றை எழுதிக்கொள்வார் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ரஷ்யாவில் இயக்குநர் குலெஷோவ் ஒரே முகத்தை வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டிக் காட்டியிருக்கிறார்.

நாடகப்பித்தன்

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு மன்னிக்கவும். ஆனால் இந்த இடத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 1964இல் வந்த காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தை எவராலும் மறக்க முடியுமா? அந்தக் காட்சியில் பாதிச் சிரிப்பு கேட்பவரின் முகத்தில்தான் இருக்கிறது. அது ஒன்றும் செய்யாத முகமா? பயம் முகம் முழுவதும் ஓடுகிறதே. ரியாக்‌ஷன் என்றால் அடக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

வெட்டுமேசை

ஐயா, இந்த மறுப்புக்கு நன்றி. நான் பொதுவிதிபோல எழுதியது பிழைதான். இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். பாலையா அந்தக் கதையில் முழுதாக மூழ்கிவிட்டார். பயத்தை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அதனால் முகத்தில் கொட்டுகிறார். இந்த இளைஞனுக்கோ வீடு வேண்டும். பெரியவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்ததைக் காட்டினால் வீடு கிடைக்காது. எனவே அவன் மறைத்தாக வேண்டும். கண்ணை விரித்தால் அவன் வீட்டை மறந்துவிட்டுப் பார்வையாளருக்குச் சைகை காட்டுகிறான் என்று ஆகிவிடும். பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் முகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடக்கமா, கொட்டலா என்பது அதிலிருந்து வருவது.

நாடகப்பித்தன்

பாதி ஒப்புக்கொள்கிறேன். வீடு வேண்டும் என்பவன்கூட ஒரு கணம் அடக்க முடியாமல் முகத்தில் காட்டிவிட்டு, பிறகு சுதாரிப்பான். அந்தச் சுதாரிப்புதான் எனக்குச் சிரிப்பு. எவர் சரி என்பதை முற்றம் இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

இடைவெளியின் நீளத்தைப் பற்றி ஒரு செய்தி. மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் வெளியான எ நைட் அட் தி ஓப்பரா படத்தை எடுப்பதற்கு முன்பு, அதன் நகைச்சுவைக் காட்சிகளை மேடையில் ஊர் ஊராக நடித்து, மக்கள் எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்து வைத்துக்கொண்டார்கள். சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பாடு. ஆனால் அது நிறைந்த அரங்குக்கு அளந்த அளவு. வீட்டில் தனியாகப் பார்த்தபோது சில இடங்களில் நடிகர்கள் யாருக்காகவோ காத்து நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. உங்கள் படத்தை எவர், எத்தனை பேராகப் பார்க்கப்போகிறார்கள்?

முற்றம்

பெரும்பாலும் கைபேசியில், தனியாகத்தான் பார்ப்பார்கள், ஐயா. இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள், வெட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முற்றம்

புதிய தொகுப்பு முடிந்தது. நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

நிபந்தனைப் பட்டியலிலிருந்து மொத்தம் ஒன்பது வினாடிகளை எடுத்துவிட்டேன். இசை, விருந்தாளி நிபந்தனையோடு இறங்கிவிடுகிறது. "தண்ணிக் கஷ்டம்னா" என்று பெரியவர் தொடங்கும்போதே வைட் ஷாட்டின் இரண்டாவது டேக் வந்துவிடும். "தெரியாது" என்ற சொல் முடிந்து 18 ஃபிரேமில் குடம் தரையைத் தொடும் ஒலி. அதன் பிறகு வைட் ஷாட்டிலேயே 30 ஃபிரேம்; அதற்குள் இளைஞனின் கண் குடத்துக்குப் போய்த் திரும்புகிறது, கடைசியாகப் பெரியவர் திரும்பிப் பார்க்கிறார். அவர் மறுபடி இளைஞன் பக்கம் தலையைத் திருப்பத் தொடங்கும் அசைவின் மேல் வெட்டி, அவருடைய மிட் குளோசப்புக்குப் போகிறேன். அங்கே 38 ஃபிரேம் அவர் ஒன்றும் பேசுவதில்லை. ஒருமுறை எச்சில் விழுங்குகிறார். தொண்டை அசைவது தெரிகிறது. ஆக, "தெரியாது" என்பதிலிருந்து "அது" வரை 86 ஃபிரேம், கிட்டத்தட்ட மூன்றரை வினாடி. முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்கு. "அது" என்பதற்கும் "செடிக்கு" என்பதற்கும் நடுவே நடிகர் கொடுத்த 12 ஃபிரேமை அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். சொல் முடிந்து 10 ஃபிரேம் கழித்து இளைஞனின் முகம், 45 ஃபிரேம்.

அந்த முகம் கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாவது டேக்கின் தலைப்பகுதியில், ஆக்‌ஷனுக்கு முன்பு, நடிகர் இடப்பக்கம் திரும்பி வெளியே முற்றத்தில் எதையோ பார்த்துவிட்டு நேராகத் திரும்புகிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. "செடிக்கு" என்ற சொல்லுக்குப் பிறகு அதை வைத்தவுடன், அவன் செடி எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுபோல் ஆகிவிட்டது. மணமேடை அண்ணா சொன்னதால் கையைப் பார்த்தேன். காட்சியில் அவன் கையில் காபி டம்ளர் இருக்க வேண்டும், இந்தத் துண்டில் இல்லை. படம் பெரிய அளவில் எடுத்தது என்பதால் 130 விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்கிக் கையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டேன்.

என் சித்தியையும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கைபேசியில் காட்டினேன். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தின் ஒலி கேட்டவுடன் சித்தியின் வாய் லேசாகத் திறந்தது. எச்சில் விழுங்கும் இடத்தில் மூக்கால் மூச்சு விட்டுச் சிரித்தார். இளைஞன் முற்றத்தைப் பார்க்கும் இடத்தில் வாய்விட்டே சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் முதலிரண்டு இடத்திலும் அசையவில்லை; இளைஞனின் முகத்தில் மட்டும் சிரித்தார்.

கண்ணை விரித்துவிட்டுச் சுதாரிக்கும் டேக்கையும் நாடகப்பித்தன் ஐயா சொன்னபடி வைத்து வேறு இருவருக்குக் காட்டினேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் சிரிக்கவில்லை. இதை வைத்து ஒன்றும் முடிவு சொல்ல எனக்குத் துணிவில்லை.

நாடகப்பித்தன்

நான்கு பேரை வைத்து முடிவு சொல்ல வேண்டாம். ஆனால் சிரித்த அந்த ஒருவர் எந்த ஃபிரேமில் சிரித்தார், விரித்தபோதா, சுதாரித்தபோதா என்று கவனித்தீர்களா?

முற்றம்

கவனிக்கத் தவறிவிட்டேன், ஐயா. அடுத்த முறை அவர் முகத்தையும் ஒரு கைபேசியில் பதிவு செய்துகொள்கிறேன்.

வெட்டுமேசை

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். எச்சில் விழுங்கும் ஃபிரேமைக் கண்டுபிடித்தது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. பெரியவர் பொய்யைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. மௌனத்தை எண்ணிக்கையால் நீட்டாமல் இப்படி ஓர் அசைவைத் தேடிப் பிடித்து நீட்டினால், பார்ப்பவருக்கு நீளம் தெரியாது. அந்த 38 ஃபிரேமில் தொண்டை அசைவது எத்தனையாவது ஃபிரேமில்?

முற்றம்

இருபதாவது ஃபிரேம் சுமாருக்கு. அதன் பிறகு 18 ஃபிரேம் கழித்து "அது" தொடங்குகிறது.

வெட்டுமேசை

அந்தப் பின்பகுதியில் ஐந்தாறு ஃபிரேமைக் குறைத்துப் பாருங்கள். விழுங்கியவுடன் பொய் அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கிடைத்த பிறகும் அவர் காத்திருந்தால் நடிகர் காத்திருப்பதாகத் தோன்றும். முன்பகுதியைத் தொடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் இதை இப்போது நாற்பது முறையாவது பார்த்திருப்பீர்கள். நாற்பதாவது முறை பார்ப்பவனுக்கு எல்லா மௌனமும் நீளமாகத்தான் தெரியும், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். முதல் தொகுப்பில் நீங்கள் நடிகரின் இடைவெளியை வெட்டியதும் அப்படித்தான் நடந்திருக்கும். நான் எடுத்த காட்சிகளை முதன்முதலாகப் பார்க்கும்போது, எனக்குச் சிரிப்பு வரும் ஒவ்வோர் இடத்திலும் M விசையை அழுத்திக் குறி வைத்துக்கொண்டே போவேன். பிரீமியரிலும் ரிசால்விலும் அந்த விசைதான். பத்து நாள் கழித்து ஒரு நகைச்சுவை சப்பென்று தோன்றினாலும் அங்கே குறி இருந்தால் அதன் நீளத்தைக் குறைக்க மாட்டேன்.

விரைவுநடை

முழுப் படத்தையும் பார்த்தேன். மூன்றரை வினாடி என்று படித்தபோது பயந்தேன், பார்த்தபோது நீளமாகத் தெரியவில்லை. பட்டியல் வேகமாக ஓடியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் எனக்கு ஒட்டவில்லை. இளைஞனின் முகத்துக்குப் பிறகு நேராக முன்பணப் பேச்சுக்குப் போகிறீர்கள். அம்மாவின் குளோசப் ஒரு டேக் கையில் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கணவர் செடிக்கு என்று சொன்னதைக் கேட்ட மனைவியின் முகம் இல்லாமல் எனக்கு அந்தக் காட்சி முடியவில்லை.

முற்றம்

வைத்துப் பார்த்தேன். அம்மா பெரியவரை ஒரு பார்வை பார்க்கிறார். மிக நல்ல நடிப்பு. ஆனால் இளைஞனின் முகத்துக்கு வந்த சிரிப்பு அடங்கும் முன்பே அது வந்து, முந்தைய சிரிப்பைத் துண்டிக்கிறது. சிரிப்பு அடங்கிய பிறகு வைத்தால் தனியாக ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது.

மணமேடை

அம்மாவின் முகம் இல்லாமல் குடும்பக் காட்சி ஏது? குளோசப் வேண்டாம் என்றால், முன்பணப் பேச்சு ஓடும்போது வைட் ஷாட்டில் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு சிமென்ட் முற்றத்தைக் கடந்து சமையலறைக்குப் போகட்டுமே. செடிக்கு என்ற தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பவர் கண்ணே பின்தொடரும்.

வெட்டுமேசை

வைட் ஷாட்டின் முதல் டேக் அவ்வளவு தூரம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடினால் நான் இதற்குத்தான் வாக்களிப்பேன், ஏனென்றால் முன்பணப் பேச்சில் காதால் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. கண்ணுக்கு வேலை கொடுக்கலாம். ஆனால் விரைவுநடை கேட்கும் குளோசப்பையும் நான் தள்ளிவிட மாட்டேன். மனைவியின் பார்வையில் இன்னொரு கதை இருக்கிறது.

முற்றம்

முதல் டேக்கில் அம்மா குடத்தோடு சமையலறை வாசற்படி வரை போகிறார், அங்கே கட் சொல்லிவிட்டோம். வாசற்படியைத் தாண்டும் கால் பாதியில் நிற்கிறது. அதற்கு நான்கு ஃபிரேம் முன்பு வெட்டினால் போதுமா என்று இன்று இரவு பார்க்கிறேன். குளோசப் வைத்த பதிப்பையும் ஏற்றுகிறேன். இரண்டையும் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் வரவில்லை என்று நேரக்குறியோடு எழுதினால் உதவியாக இருக்கும்.